‘எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?’: பதட்டத்தில் இருப்பவருக்குத் திரும்பத் திரும்ப ஆறுதல் சொல்லும் கணவன், மனைவிக்கான கேள்வி பதில்

காரைக்குடியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். பதட்டத்துக்காக என்னிடம் வருகிறவரோடு கூட வரும் கணவனோ மனைவியோ, அவர் வெளியே போனதும் ஒரு நிமிடம் பின்தங்கி நின்று குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்விகள் இவை. இதில் வரும் ஆத்தங்குடிக்காரர் கதையை அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதியிருக்கிறேன். இதயத்தைப் பற்றிய பயத்தை வைத்தே எல்லாவற்றையும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பக்கம் நான் அதிகம் பார்ப்பது அதைத்தான்.

நெஞ்சு படபடன்னு அடிச்சா உடனே ‘எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல’ன்னு கேக்குறார். ‘ஒண்ணும் ஆகாதுங்க’ன்னு நான் சொல்றது நல்லதுதானே?

முதல் தடவை நல்லதுதான். இருபதாவது தடவை அதே பதில்தான் பயத்துக்குத் தீனி போடுகிறது.

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் போடும் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், வயது 41. மூன்று வருடத்துக்கு முன்னால் அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, ஒரு நாள் காலையில் முகப்பில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். ஆறு மாதம் கழித்து, சிமெண்ட் மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது இவருக்கு நெஞ்சு வேகமாக அடித்தது. இசிஜி, எக்கோ, ட்ரெட்மில், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று இதய மருத்துவர் எழுதியே கொடுத்துவிட்டார். அன்று ராத்திரி மனைவியிடம் கேட்டார், “எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” அவர் சொன்னார், “ஒண்ணும் ஆகாதுங்க, டாக்டரே சொல்லிட்டாரே.” எந்த மனைவியும் அதைத்தான் சொல்வார்.

ஆனால் அந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம் நடந்துவிட்டது. பயம் ஏறிக்கொண்டே வந்தது, மனைவி ஒரு வார்த்தை சொன்னார், பயம் சட்டென்று இறங்கியது. அவர் மனது இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் ‘என் இதயம் நன்றாக இருக்கிறது’ என்பது இல்லை. ‘அவள் சொன்னதால் தப்பித்தேன்’ என்பதுதான். சொல்லாமல் விட்டிருந்தாலும் அந்தப் பயம் தானாக அடங்கியிருக்கும் என்பதை அவர் பார்க்கவே இல்லை. பார்க்க வாய்ப்பு வரும்போதெல்லாம் பதில் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. அடுத்த முறை நெஞ்சு படபடக்கும்போது அவருக்கு ஒரே ஒரு வழிதான் தெரிகிறது: கேட்பது.

உடல்நல பயத்தில் ஆறுதல் செய்யும் இந்த வேலையை 1986-லேயே சால்கோவ்ஸ்கிஸ், வார்விக் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் விளக்கமாக எழுதிவிட்டார்கள். ஆறுதல் பயத்தைத் தற்காலிகமாக இறக்கும், அப்படி இறக்குவதாலேயே அதை நீண்ட நாள் உயிரோடு வைத்திருக்கும் என்பது அவர்கள் சொன்னதன் சாரம்.

நான் சொன்னதும் அவர் முகம் தெளிஞ்சிடுதே. அது நடிப்பா?

இல்லை, நிம்மதி நிஜம். அதனால்தான் இந்தப் பழக்கம் இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மட்டும் ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். ஆத்தங்குடிக்காரருக்கு ஆரம்பத்தில் ஒரு ‘ஒண்ணும் ஆகாது’ இரண்டு நாள் தாங்கியதாம். என்னிடம் வந்தபோது இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை, அதுவும் மனைவி எந்தக் குரலில் சொன்னார், முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாரா என்பதைப் பொறுத்துக் கூடும் குறையும். “நீ சும்மா சொல்றே, மனசார சொல்லு” என்பார்.

இதில் உங்களுக்கும் நிம்மதி கிடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் முகம் வாடுவதைப் பார்க்க முடியாமல்தான் பதில் சொல்கிறீர்கள், சொன்னதும் உங்கள் மனதும் கொஞ்சம் இறங்குகிறது. இரண்டு பேரும் சேர்ந்து பழகிய பழக்கம் இது, அதனால் இதற்காக உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

எல்லா டெஸ்ட்டும் நார்மல். அப்புறமும் ஏன் நம்ப மாட்டேங்குறார்?

அவர் தேடுவது தகவல் என்றால் முதல் இசிஜியோடு முடிந்திருக்கும். அவர் தேடுவது ‘எப்போதும், எந்தக் காரணத்தாலும் எனக்கு ஒன்றும் ஆகாது’ என்ற உறுதி. அதை எந்த டாக்டராலும் தர முடியாது, எனக்கும் உங்களுக்கும்கூட அப்படி ஒரு உறுதி இல்லை. இல்லாமலேயே நாம் காலையில் பஸ் ஏறிப் போகிறோம், அவரால் அது இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முடியவில்லை.

இன்னொன்றும் நடக்கிறது. திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதே நம்பிக்கையை அரித்துவிடும். 2003-ல் நெதர்லாந்தில் வான் டென் ஹௌட், கிண்ட் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். பதட்ட நோய் இல்லாத சாதாரண ஆட்களைக் கம்ப்யூட்டர் திரையில் தெரியும் கேஸ் அடுப்பை ஏற்றி, அணைத்து, அணைந்ததா என்று திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் சொன்னார்கள். கடைசியாக எந்தெந்தக் குமிழைப் பார்த்தீர்கள் என்று கேட்டால் சரியாகத்தான் சொன்னார்கள், ஆனால் ‘எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது’ என்ற நம்பிக்கை மட்டும் விழுந்துவிட்டது. ஞாபகம் மங்கலாகத் தோன்றியது. சந்தேகம் தீரட்டும் என்று பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வளர்கிறது. உங்கள் வீட்டிலும் இருபதாவது ‘ஒண்ணும் ஆகாது’ அவர் காதில் முதலாவதைப் போல விழுவதில்லை.

இதைச் சொன்னபோது அந்தப் பட்டறைக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தன் தொழிலை வைத்தே சொன்னார். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டை ஊற்றி, மேலே கலவை போட்டுக் கல்லாக்கிய பிறகு அதைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். புதுசாகச் சேர்ந்த பையன் இறுகிவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்த்து ஓரத்தை உடைத்துவிடுவானாம். “நான் அந்தப் பய செய்யுறதத்தான் செஞ்சுக்கிட்டிருக்கேன்” என்றார்.

எது சாதாரணக் கேள்வி, எது பதட்டம் கேக்குற கேள்வின்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பதில் ஏற்கெனவே சொல்லப்பட்டதா என்று பாருங்கள். “டாக்டர் அந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா சொன்னார்?” என்பது தகவல் கேட்பது, ஒரு முறை சொன்னால் முடிந்தது. அதையே அரை மணியில் மறுபடி, கொஞ்சம் வார்த்தையை மாற்றிக் கேட்டால் கேட்பது பதட்டம்.

பதில் வந்த பிறகு என்ன நடக்கிறது என்பது இன்னும் தெளிவான அடையாளம். தகவல் கேட்டவர் பதிலை வாங்கிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போவார். பதட்டத்தில் கேட்பவருக்கு ஒரு கேள்வி இன்னொன்றைப் பெறும்: “ஒண்ணும் இல்லன்னா ஏன் இடது பக்கம் குத்துது?” “அப்பச்சிக்கும் நார்மல்னுதானே சொன்னாங்க?” நீங்கள் வாதாடிக்கொண்டே போவீர்கள், அவர் ஓட்டை கண்டுபிடித்துக்கொண்டே போவார். அந்த இழுபறி ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தாலே போதும், அது எந்தக் கேள்வி என்று வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

நான் வாயைத் திறந்து ஆறுதலே சொல்றதில்ல. ஆனா பயம் குறையலையே?

ஆறுதல் வாய் வழியாக மட்டும் போவதில்லை. ஆத்தங்குடிக்காரரின் மனைவி, காரைக்குடியில் பள்ளி ஆசிரியை, தினமும் ராத்திரி கணவர் தூங்கும்வரை அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டே படுத்திருந்தார். அவர் கேட்கவே தேவையில்லை. கை எடுபட்டால் விழித்துக்கொள்வார். பகலில் நாடியைப் பிடித்துப் பார்த்து ‘எழுபத்தெட்டு, சரியாத்தான் இருக்கு’ என்று சொல்வது, பிபி மெஷினைக் கட்டிவிடுவது, அவரோடு மாடிப்படி ஏறுவது, ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லாத ஊர் என்பதால் பங்காளி வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருப்பது, எல்லாம் இதே கணக்கில்தான் வரும். பள்ளி இடைவேளையில் போனில் “சாப்டீங்களா?” என்று கேட்பதுகூட, அவருக்குத் தேவைப்படுவது உங்கள் குரலில் பதறல் இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதுதான் என்றால், ஆறுதல்தான்.

கோவில் விஷயத்தையும் பலர் கேட்கிறார்கள். பிள்ளையார்பட்டிக்கோ குன்றக்குடிக்கோ போய்க் கும்பிட்டுவிட்டு வருவதில் ஒரு பிரச்சினையும் இல்லை, தாராளமாகப் போங்கள். ‘ஒன்றும் ஆகாது’ என்று பதில் வரும்வரை மறுபடி மறுபடி பூக்கட்டிப் பார்ப்பதும், ஒரு ஜோசியர் சொன்னதைச் சரிபார்க்க இன்னொரு ஜோசியரிடம் போவதும் வேறு. நள்ளிரவில் போனில் அறிகுறிகளைத் தேடிக்கொண்டிருப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது.

சரி, புரியுது. நாளையிலேருந்து பதிலே சொல்லாம இருந்துடவா?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நேற்றுவரை தாங்கியவர் இன்று திடீரென்று வாயை மூடிக்கொண்டால் அவருக்குக் கைவிட்ட மாதிரிதான் இருக்கும், உங்களாலும் இரண்டு நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது. இதை அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும். அந்தத் தம்பதி எப்படிச் செய்தார்கள் என்று முழுசாகச் சொல்கிறேன்.

முதல் வாரம் எதையும் மாற்றவில்லை. அந்த அம்மா ஒரு சின்ன நோட்டில் கோடு மட்டும் போட்டார், ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கோடு, பக்கத்தில் நேரம். பத்து, பன்னிரண்டு இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். சராசரியாக நாளைக்கு 23 வந்தது. அதில் ஆறு பள்ளிக்கு வரும் போன். பாதிக்கு மேல் ராத்திரி ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள். அந்த நோட்டைப் பார்த்ததும் கணவர் கண் கலங்கிவிட்டது. “இவ்வளவா உன்னைப் படுத்துறேன்?” என்றார். அவர் சம்மதித்தது அந்த இடத்தில்தான், நான் விளக்கியதால் இல்லை.

பயம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், முற்றத்தை ஒட்டிய வளவில் உட்கார்ந்து இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதினார்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது இந்தப் பேச்சை ஆரம்பிக்கவே கூடாது. முதலில் எதை விடுவது என்பதை அவரே தேர்ந்தெடுத்தார், இருப்பதில் லேசானதிலிருந்து. இரண்டாம் வாரம் பள்ளிக்கு வரும் போன்: போன் பண்ணலாம், ஆனால் நெஞ்சைப் பற்றிப் பேச்சு வந்தால் ஆசிரியை பதில் சொல்ல மாட்டார். மூன்றாம் வாரம் நாடி பார்ப்பதும் பிபி மெஷினும், அதை எடுத்து அலமாரிக்குள் பூட்டினார்கள். அவருக்கு ரத்தக் கொதிப்பு இல்லை, தினமும் பார்க்க அவசியம் இல்லை என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் பூட்டினார்கள், நீங்களும் கேட்காமல் செய்யாதீர்கள். நான்காம் வாரத்திலிருந்து வீட்டில் நேரில் கேட்கும் கேள்விகள். நெஞ்சில் கை வைத்துத் தூங்குவதைக் கடைசிக்கு வைத்தார்கள், அதுதான் இரண்டு பேருக்கும் கஷ்டம்.

கேட்கத் தோன்றும் ஒவ்வொரு முறையும் கணவர் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. மணியைப் பார்த்து, பயம் பத்துக்கு எவ்வளவு என்று எழுதிவிட்டு, செய்துகொண்டிருந்த வேலையைத் தொடர வேண்டும். முதல் நாள் எட்டு என்று எழுதினார், நாற்பது நிமிடம் கழித்து ஐந்து. அதைக் காட்ட எனக்கு ராத்திரியே போன் பண்ணினார். யாரும் ஒன்றும் சொல்லாமல் அது இறங்கியதை அவர் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தார். எல்லா நாளும் அப்படி அழகாக இறங்காது. சில நாள் ஏழிலேயே இரண்டு மணி நேரம் நின்றது, அன்றும் அவர் ஐம்பது கல் போட்டார், சாப்பிட்டார். பயம் இருக்கும்போதே வேலை ஓடுகிறது என்று தெரிந்துகொள்வது, பயம் இறங்குவதைப் பார்ப்பதைவிடக்கூடப் பெரியது என்பது என் அனுபவம்.

பதில் சொல்லாம, அந்த நேரத்துல வேற என்னதான் சொல்றது?

இரண்டு விஷயம் சேர்ந்த ஒரு சின்ன வாக்கியம்: கஷ்டம் புரிகிறது, உங்களால் தாங்க முடியும். அந்த ஆசிரியை சொன்னது இது: “பயமா இருக்குன்னு தெரியுதுங்க. இதை நீங்க தாண்டிடுவீங்க. நாம பேசுனபடி இதுக்கு நான் பதில் சொல்லல.” அவ்வளவுதான், அப்புறம் தேங்காய் துருவுவதைத் தொடர்ந்தார். எழுந்து வேறு அறைக்குப் போகவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

இந்த இரண்டு பகுதி வாக்கியத்தை அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ், பதட்டமுள்ள குழந்தைகளின் பெற்றோருக்காக உருவாக்கிய பயிற்சியிலிருந்து எடுத்திருக்கிறேன். குழந்தையை அழைக்காமல் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்ததே, குழந்தைக்கு நேரடியாகச் சிகிச்சை கொடுத்ததற்குக் குறையாத பலன் தந்தது என்று அவருடைய குழு 2020-ல் வெளியிட்டது. அது குழந்தைகள் விஷயம், கணவன் மனைவிக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், பெரியவர்களிடம் சம்மதம் இல்லாமல் இது ஓடாது. ஆனால் கூட இருப்பவர் தன் பதிலை மாற்றினால் பயப்படுகிறவரிடம் மாற்றம் வரும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்த வாக்கியமே புது ஆறுதலாகிவிடலாம். கொஞ்ச நாளில் கணவர் ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்தார், தெரிந்து செய்ததில்லை. “பதில் சொல்லல” என்று மனைவி சொன்னால், ‘அப்போ இது பதட்டம்தான், மாரடைப்பு இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது’ என்று எடுத்துக்கொண்டார். அதைக் கேட்பதற்காகவே கேட்க ஆரம்பித்தார். அதைக் கண்டுபிடித்ததும், ஒரு தடவைக்கு மேல் அந்த வாக்கியத்தைச் சொல்வதில்லை என்று வைத்தோம். இரண்டாவது தடவை கேட்டால், அந்த அம்மா பக்கத்திலேயே இருப்பார், பிள்ளையின் பரீட்சையைப் பற்றியோ மறுநாள் சமையலைப் பற்றியோ பேசுவார், நெஞ்சைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது.

‘யாருக்கு எப்ப என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது உண்மைதான், ஆனால் பயத்தின் நடுவில் மனைவி வாயிலிருந்து வந்தால் குத்தும். அந்த உண்மையோடு அவரைப் பழக்குவது ஆலோசகரின் வேலை.

நிறுத்த ஆரம்பிச்சதும் இன்னும் அதிகமா கேக்குறார், கத்துறார். தப்பா பண்றோமா?

பெரும்பாலும் சரியாகத்தான் பண்ணுகிறீர்கள். காசு போட்டும் பொருள் வராத மெஷினை யாரும் உடனே விட்டுவிட்டுப் போவதில்லை, முதலில் நாலு தட்டு தட்டிப் பார்ப்பார்கள். ஆத்தங்குடிக்காரரின் கணக்கு இரண்டாம் வாரம் நாளைக்கு 19 ஆனது, மூன்றாம் வாரம் 27. “உனக்கு என் மேல அக்கறையே போயிடுச்சு” என்று ஒரு நாள் சாப்பிடாமல் எழுந்து போனார். ஆசிரியை என்னிடம் வந்து அழுதார்.

இந்த வாரத்தில்தான் முக்கால்வாசிப் பேர் பழையபடி பதில் சொல்லத் திரும்புகிறார்கள். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது: இருபது தடவை மறுத்துவிட்டு இருபத்தோராவது தடவை ‘ஒண்ணும் ஆகாதுங்க, போதுமா!’ என்று சொல்லிவிட்டால், ‘இருபத்தோரு தடவை கேட்டால் கிடைக்கும்’ என்று மனது கற்றுக்கொள்கிறது. சில சமயம் கிடைத்து சில சமயம் கிடைக்காத பழக்கம், எப்போதும் கிடைக்கும் பழக்கத்தைவிட விடுவதற்குக் கஷ்டம். எல்லாவற்றையும் தாங்க முடியாது என்று தோன்றினால், விடுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். போன் மட்டும் என்று சுருக்கிக்கொண்டு அதில் உறுதியாக நிற்பது, எல்லாவற்றிலும் அரைகுறையாக நிற்பதைவிட நல்லது.

ஒரு நாள் தவறிப் பதில் சொல்லிவிட்டால் அதற்காக ஒரு வாரம் வருந்த வேண்டாம், அடுத்த கேள்வியிலிருந்து தொடருங்கள். அவர் கை ஓங்கினாலோ பொருளை விட்டெறிந்தாலோ அது வேறு விஷயம். அங்கே இந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு உங்கள் பாதுகாப்பை முதலில் பார்க்க வேண்டும்.

நான் சொல்லலைன்னா எங்க மாமியார்கிட்ட போயிடுறார். அவங்க உடனே நெஞ்சைத் தடவிவிட்டு விபூதி பூசிடுறாங்க. என்ன பண்றது?

நம் பக்கத்து வீடுகளில் இது வரும். ஒரே வளவைச் சுற்றி மூன்று புள்ளி, அதாவது மூன்று குடும்பம் இருக்கும், அம்மாவான ஆத்தா இருப்பார், அண்ணன் மனைவியான அண்ணமிண்டி இருப்பார், பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த அக்காவான ஆச்சி போனில் இருப்பார். ஒருவர் கதவைச் சாத்தினால் இன்னொரு கதவு திறந்திருக்கும்.

மருமகள் போய் “அவருக்குப் பதில் சொல்லாதீங்க” என்று சொன்னால் சண்டைதான் வரும். மகனே சொல்ல வேண்டும். அந்தக் கணவர் தன் ஆத்தாவிடம் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது: “ஆத்தா, நீங்க தடவிவிட்டா எனக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா அரை மணியில திரும்ப வருது. நான் கேட்டா பயப்படாதேன்னு சொல்லாதீங்க, வாடா வந்து உக்காருன்னு மட்டும் சொல்லுங்க.” அந்த அம்மாவும் மூன்று வருடத்துக்கு முன்னால் அதே முகப்பில் தன் வீட்டுக்காரரை இழந்தவர். மகனுக்குச் சொல்லும் ‘ஒண்ணும் ஆகாது’ அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதும்தான். அதனால் அவரோடும் தனியாக ஒரு நாள் உட்கார்ந்து பேசினேன், பெரும்பாலும் அப்பச்சியைப் பற்றி. விபூதி பூசுவதை நிறுத்தச் சொல்லவில்லை. காலையில் குளித்ததும் ஒரு தடவை, பயம் வரும்போது வேண்டாம் என்று மாற்றிக்கொண்டார்கள்.

இப்படிக் கண்டுக்காம இருந்து, ஒரு நாள் நிஜமாவே மாரடைப்பா இருந்துட்டா?

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் யாரும் இதை ஆரம்பிக்கக் கூடாது. அதனால்தான் முதலில் முறையான பரிசோதனை, அப்புறம் இந்தத் திட்டம். அந்தத் தாளின் பின்பக்கத்தில், எப்போது யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று டாக்டரைக் கேட்டு எழுதி வைத்தார்கள்: நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி அழுத்தம் வந்து சில நிமிடத்தில் போகாமல் நிற்பது, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ வலி பரவுவது, குளிர்ந்து வியர்ப்பது, மூச்சு வாங்குவது, மயக்கம் வருவது, நடந்தாலோ படியேறினாலோ வந்து உட்கார்ந்தால் போகும் புது வலி. இதில் ஏதாவது இருந்தால் 108, விவாதமே இல்லை. பெண்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலி இல்லாமலேயே மாரடைப்பு வரலாம் என்பதால், உங்கள் துணைக்கு எதை எழுத வேண்டும் என்று அவரைப் பார்க்கும் டாக்டரிடமே கேளுங்கள்.

பதட்டம் வரும்போதும் வியர்க்கும், மூச்சு வாங்கும், ஆகவே இந்தத் தாளால் எல்லாவற்றையும் பிரித்துவிட முடியாது. சந்தேகமாக, வழக்கத்துக்கு மாறாக இருந்தால் போய்விடுங்கள். வழக்கமாக வருவதே வந்தால், அதாவது ராத்திரி பத்து மணிக்கு, அதே இடத்தில், அதே குத்தல் என்றால், தாளின் முன்பக்கத்தில் எழுதிய திட்டப்படி செய்யுங்கள். அடுத்த பரிசோதனை எப்போது என்று டாக்டர் சொல்லும் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். நடுவில் எடுக்கும் இசிஜியும் ஒரு ‘ஒண்ணும் ஆகாது’தான், காசு கொடுத்து வாங்குவது.

எப்போ டாக்டரைப் பாக்கணும்? இதுக்கு மருந்து இருக்கா?

பயத்தால் வேலைக்குப் போக முடியவில்லை, தூக்கம் இல்லை, மாதக்கணக்கில் இழுக்கிறது என்றால் நீங்களே வீட்டில் செய்துகொண்டிருக்க வேண்டாம். அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது, சிபிடி என்பார்கள், நான் மேலே சொன்னது அதன் ஒரு பகுதிதான். மனநல மருத்துவர் தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார். பொதுவாகக் கொடுக்கும் வகை மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரம் ஆகும், நாமாக நிறுத்தக் கூடாது. அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

ஒன்றைக் கண்டிப்பாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘வாழ்ந்து என்ன’ என்ற பேச்சு, தன்னை ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்தால் அது ஆறுதல் கேட்கும் பழக்கம் இல்லை. அங்கே பதில் சொல்லுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தனியாக விடாதீர்கள், அன்றே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளை பெற்ற புதிதில் ஒரு பெண்ணுக்கு வரும் பதட்டத்தையும் இந்தப் பக்கத்தை மட்டும் வைத்துக் கையாளாதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

எப்போதான் சரியாகும்? முழுசாப் போயிடுமா?

அந்த நோட்டின் கணக்கைச் சொல்கிறேன்: மூன்றாம் வாரம் 27, நான்காம் வாரம் 15, ஆறாம் வாரம் 8, பத்தாம் வாரம் 2. நெஞ்சில் கை வைத்துத் தூங்குவதை ஒன்பதாம் வாரம் விட்டார்கள். முதல் மூன்று ராத்திரி கணவர் மூன்று மணிவரை விழித்துக் கிடந்தார், நான்காவது ராத்திரி மனைவி விழித்துக் கிடந்தார், பழகிப்போன கை.

அடுத்த வருடம் கண்டனூரில் அவர் வயது பங்காளி ஒருவர் மாரடைப்பில் போனார். துக்கத்துக்குப் போய்விட்டு வந்த ராத்திரி கேள்வி திரும்ப வந்தது, ஒரு வாரத்தில் பதினைந்துக்கு ஏறியது. ஆசிரியை பீரோவிலிருந்து பழைய தாளை எடுத்து மேசையில் வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. கணவர் அதைப் பார்த்துவிட்டு நோட்டை எடுத்து மணியை எழுதினார், பக்கத்தில் எட்டு என்று போட்டார். இந்த முறை இறங்க மூன்று வாரம் ஆனது. இப்போதும் எப்போதாவது கேட்பார், மாதத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ. கேட்டுவிட்டு, மனைவி வாயைத் திறப்பதற்குள் “சரி சரி, விடு” என்று தானே சொல்லிக்கொண்டு எழுந்து பட்டறைக்குப் போய்விடுவதாக அந்த அம்மா சொன்னார்.